பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் பொது உச்சவரம்பும்
வருமானவரிச் சட்டங்களில் ஓர் ஒப்பீட்டு ஆராய்ச்சி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் நடுத்தரக் குடும்பமொன்றின் செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்போர், உணவுக்கும் வீட்டு வாடகைக்கும் அடுத்தபடியாகப் பிள்ளைகளின் கல்விக்கே பெருந்தொகை செல்வதைக் காண்பர். அரசாங்கப் பாடசாலைகளில் இக்கட்டணம் இல்லை. கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை அதனை நீக்கிவிட்டது. ஆயினும் தனியார் பாடசாலைகளும், சர்வதேசப் பாடசாலைகள் எனப் பெயர் பெற்றவையும், தொழிற்றகைமைப் பரீட்சைகளுக்குப் பயிற்றும் நிறுவனங்களும் பெருகிய கொழும்பு நகரில், கட்டணம் என்பது பலருக்கு மாதந்தோறும் எதிர்நோக்கும் ஒன்றாகிவிட்டது.

இவ்வாறு செலுத்தப்படும் கட்டணத்தை வருமானவரி கணிக்கும்போது கழித்துக்கொள்ள அரசு இடமளிக்குமா என்பது ஒரு வினா. இடமளிப்பின், அக்கழிவின் மெய்யான பெறுமதி யாது என்பது மற்றொரு வினா. முன்னையதற்குச் சட்டப் புத்தகத்தில் நேரான விடை உண்டு. பின்னையதோ அவ்வளவு எளிதன்று. ஏனெனில் கழிவு வழங்கிய சட்டங்கள் கல்விக் கட்டணத்துக்கெனத் தனி வரம்பு வகுக்காது, வேறு பல செலவுகளையும் சேமிப்புகளையும் அதனுடன் சேர்த்து, அனைத்துக்கும் ஒரே உச்சவரம்பை விதித்துள்ளன. இப்பொது வரம்பின் இயல்பை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலங்கையில் 2020 முதல் 2022 வரை நிலவிய நிவாரணமும், இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80சி பிரிவும் ஈண்டு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

இலங்கைச் சட்டம் வகுத்த நிவாரணம்

இலங்கையின் வருமானவரி 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தினால் ஆளப்படுகின்றது. அச்சட்டத்தை 2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மாற்றியமைத்தபோது, ஐந்தாம் அட்டவணையில் செலவு நிவாரணம் ஒன்று சேர்க்கப்பட்டது. இலங்கையில் வதிவோர் ஒருவர், ஓராண்டில் தாம் செய்த குறிப்பிட்ட சில செலவுகளை, மொத்தம் 12 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாமல், தமது வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம்.

அச்செலவுகள் ஐவகைப்படும். மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் உள்ளிட்ட உடல்நலச் செலவு முதலாவது. தமக்கோ தம் பிள்ளைகளுக்கோ உள்நாட்டில் செய்யப்பட்ட தொழிற்கல்வி அல்லது பிற கல்விச் செலவு இரண்டாவது. வீடமைப்புக் கடனுக்குச் செலுத்திய வட்டி மூன்றாவது. தொழில்தருநர் நடத்துவதல்லாத உள்நாட்டு ஓய்வூதியத் திட்டமொன்றுக்குச் செலுத்திய பங்களிப்பு நான்காவது. பங்குகளை அல்லது பிணையங்களை வாங்குதற்குச் செலவிட்ட பணம் ஐந்தாவது. முதல் மூன்றும் கைவிட்டுப் போகும் செலவுகள். பின்னிரண்டும் செலவு எனப் பெயர் பெற்றனவாயினும் உண்மையில் சேமிப்புகள். பங்கு வாங்கியவர் பணத்தை இழந்தவரல்லர். அதன் உருவத்தை மாற்றியவரேயாவர். செலவுகளின் வரிசையில் சேமிப்பு நுழைந்து நிற்கும் இந்நிலையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இந்நிவாரணத்துக்கு முன்னே மற்றொரு படி இருந்தது. 2020/21, 2021/22 ஆகிய மதிப்பாண்டுகளில் ஒவ்வொருவருக்கும் 30 இலட்சம் ரூபா தனியாள் நிவாரணமாக வழங்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வருமானத்தின் முதல் 30 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதமும், அடுத்த 30 இலட்சத்துக்கு 12 வீதமும், எஞ்சியதற்கு 18 வீதமும் வரி விதிக்கப்பட்டது. ஆகவே மாதம் இரண்டரை இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் உடையவருக்கே செலவு நிவாரணத்தால் யாதேனும் பயன் விளையும். அதற்குக் கீழ்ப்பட்ட வருமானமுடைய ஆசிரியரோ எழுதுவினைஞரோ தம் பிள்ளைக்கு எவ்வளவு கட்டணம் செலுத்தினும், அவருக்கு வரியே இல்லையாதலின் கழிக்க எதுவும் இருக்கவில்லை.

வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தையின் ஆண்டு வருமானம் 48 இலட்சம் ரூபா. 2021/22ஆம் மதிப்பாண்டில் அவர் வீடமைப்புக் கடனுக்கு 5 இலட்சம் வட்டி செலுத்தினார். மருத்துவத்துக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் ஒன்றரை இலட்சம் சென்றது. இரு பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம் 7 இலட்சம்.

தனியாள் நிவாரணம் 30 இலட்சத்தைக் கழித்தால் எஞ்சுவது 18 இலட்சம். செலவுகளின் கூட்டுத்தொகை 13 இலட்சத்து 50 ஆயிரம். ஆனால் உச்சவரம்பு 12 இலட்சம். ஆகையால் 12 இலட்சமே கழியும். வரிக்குரிய வருமானம் 6 இலட்சம். 6 வீதப்படி வரி 36,000 ரூபா. செலவு நிவாரணம் இல்லாவிடின் 18 இலட்சத்துக்கு 1,08,000 ரூபா வரி செலுத்தியிருப்பார். எனவே நிவாரணத்தால் அவர் மீதப்படுத்தியது 72,000 ரூபா.

இத்தொகையில் கல்விக் கட்டணத்தின் பங்கு யாது? ஏழு இலட்சத்துக்கு 6 வீதம் 42,000 எனப் பலர் விடை கூறுவர். அவ்விடை பிழை. கட்டணத்தை ஒருகணம் நீக்கிப் பார்த்தால் உண்மை புலப்படும். கட்டணம் இல்லையெனின் வட்டியும் மருத்துவச் செலவுமாக ஆறரை இலட்சம் கழிந்து, பதினொன்றரை இலட்சத்துக்கு 69,000 ரூபா வரி வரும். கட்டணம் சேர்ந்தபின் வரி 36,000. ஆகவே கல்விக் கட்டணத்தால் விளைந்த பயன் 33,000 ரூபாவே. ஏனைய செலவுகள் வரம்பில் ஆறரை இலட்சத்தை நிரப்பியபின் ஐந்தரை இலட்சத்துக்கே இடம் எஞ்சியிருந்தது. கட்டணத்தில் ஒன்றரை இலட்சம் அவ்விடத்தில் அடங்காமல் வெளியே நின்றுவிட்டது.

இனி, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அவர் ஐந்தரை இலட்சம் ரூபாவுக்குப் பங்குகள் வாங்கினார் எனக் கொள்வோம். வட்டி, மருத்துவம், பங்கு ஆகிய மூன்றுமே 12 இலட்சத்தை நிரப்பிவிடும். அப்பொழுது கல்விக் கட்டணத்தின் வரிப்பயன் சூனியம். அன்றியும், இதனை மறுபுறமாகவும் நோக்கலாம். வட்டியும் மருத்துவமும் கட்டணமும் ஏற்கெனவே வரம்பைக் கடந்துவிட்டன; ஆதலின் பங்கு வாங்கியமையின் வரிப்பயனே சூனியம் எனலாம். இரண்டில் எது சரி? இரண்டும் சரியே. சட்டம் செலவுகளை வரிசைப்படுத்தவில்லை. எது முதலில் இடம்பெற வேண்டும், எது பின்னே நிற்க வேண்டும் என விதிக்கவில்லை. கூட்டுத்தொகையை மட்டுமே அது நோக்கியது.

ஆயினும் குடும்பத்தலைவருக்கு வரிசை உண்டு. வங்கி வட்டியைச் செலுத்தாதிருக்க முடியாது. நோயும் கட்டணமும் காத்திரா. பங்கு வாங்குதல் ஒன்றே அவருடைய விருப்பத்தைப் பொறுத்தது. தவிர்க்க முடியாதவற்றை முதலில் வரம்பினுள் இட்டு, எஞ்சிய இடத்தை அளந்து, அதன்பின்னரே விருப்பத்துக்குரிய சேமிப்பின் வரிப்பயனை மதிப்பிடுதல் முறை. அவ்வாறு மதிப்பிட்டவர், வரிக்காகப் பங்கு வாங்க வேண்டியதில்லை என்பதை உடனே உணர்ந்திருப்பார். பங்கு தன் தகுதியால் வாங்கத்தக்கதா என்பது வேறு வினா.

வெளியே நின்ற ஒன்றரை இலட்சத்துக்கு வழியே இல்லையா? உண்டு, அது தாயின் கணக்கில் இருக்கின்றது. இலங்கைச் சட்டத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியே வரிக்கு உட்படுவோர். உச்சவரம்பு குடும்பத்துக்கு ஒன்றன்று, ஆளுக்கு ஒன்று. அத்தாயும் தொழில்புரிந்து ஆண்டுக்கு 36 இலட்சம் பெறுகின்றார் எனின், 30 இலட்சம் போக எஞ்சிய 6 இலட்சத்துக்கு 36,000 ரூபா வரி உண்டு. பிள்ளைகளின் கட்டணத்தில் ஒன்றரை இலட்சத்தை அவரே தம் பணத்திற் செலுத்தித் தம் பெயரில் பற்றுச்சீட்டுப் பெற்றிருந்தால், அவருடைய வரி 27,000 ஆகக் குறையும். தந்தையின் வரியில் மாற்றமில்லை. குடும்பம் இழந்த 9,000 ரூபா இவ்வாறு திரும்பக் கிடைத்திருக்கும். பற்றுச்சீட்டு யார் பெயரில் எழுதப்படுகின்றது என்பது அற்ப விடயம் போலத் தோன்றினும், பொது வரம்பு உள்ள சட்டத்தில் அது அற்பமன்று.

இந்நிவாரணம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 2022இல் நேர்ந்த பொருளாதார நெருக்கடியை அடுத்து, அவ்வாண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனை 2022 டிசெம்பர் 31ஆந் திகதியுடன் முடிவுறச் செய்தது. 2022/23ஆம் மதிப்பாண்டின் முதல் ஒன்பது மாதங்களுக்கு, வரம்பு அதே விகிதப்படி 9 இலட்சமாயிற்று. பின்னர் தனியாள் நிவாரணம் ஆண்டுக்கு 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டு, 2025 ஏப்பிரல் முதல் 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. கல்விச் செலவுக்கான கழிவோ மீளவில்லை. வரி செலுத்துவோர் தொகை சிறிதாயிருந்த காலத்தில் கழிவு இருந்தது; அது பெருகிய காலத்தில் கழிவு இல்லை.

இந்தியச் சட்டத்தின் 80சி பிரிவு

பாக்கு நீரிணைக்கு அப்பால், இக்கழிவு நீண்ட வரலாறு உடையது. 2005ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 80சி பிரிவைப் புகுத்தியபோது, அதன் உச்சவரம்பு ஓர் இலட்சம் ரூபாவாயிருந்தது; 2014இல் அது ஒன்றரை இலட்சமாக உயர்த்தப்பட்டது. அதன்பின் உயரவில்லை. ஊழியர் வருங்கால வைப்பு நிதி, பொது வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்புறுதிக் கட்டணம், தேசிய சேமிப்புப் பத்திரம், வீட்டுக் கடனின் முதலைத் திருப்பிச் செலுத்தும் தொகை ஆகிய பலவும் அவ்வொரே வரம்பினுள் அடங்குவன. பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் அவற்றுள் ஒன்று.

இலங்கைப் பட்டியல் செலவுகளிடையே சேமிப்பை வைத்தது. இந்தியப் பட்டியல் சேமிப்புகளிடையே செலவை வைத்துள்ளது. ஏனையவை யாவும் காலம் சென்றபின் வைப்பாகவோ வீடாகவோ திரும்பி வருவன. கட்டணம் மட்டுமே செலுத்திய அன்றே தீர்ந்துபோவது. ஆதலாற்றான் கட்டணத்துக்குச் சட்டம் சில எல்லைகளை வகுத்துள்ளது. முதலாவது, கட்டணம் இரு பிள்ளைகளுக்கே கழியும். எனினும் இவ்வெல்லையும் ஆளுக்குரியதாகையால், வரி செலுத்தும் தாயும் தந்தையும் இவ்விரு பிள்ளைகளாக நால்வருக்குக் கழிக்கலாம். இரண்டாவது, இந்தியாவினுள் அமைந்த பாடசாலை, கல்லூரி, பல்கலைக்கழகம் அல்லது பிற கல்வி நிறுவனத்தில் முழுநேரக் கல்விக்குச் செலுத்தியதாயிருத்தல் வேண்டும். மூன்றாவது, கற்பித்தற் கட்டணமே கழியும். அபிவிருத்திக் கட்டணமும் நன்கொடையும் கழியா. பேருந்து, விடுதி, புத்தகம், சீருடை ஆகியவற்றுக்குச் செலுத்தியதும், மாலை வேளைத் தனிப்பயிற்சி வகுப்புகளுக்குச் செலுத்தியதும் இதில் அடங்கா. பாடசாலை தரும் பற்றுச்சீட்டின் மொத்தத் தொகையை அப்படியே எழுதிவிடுதல் பலர் செய்யும் பிழை. தொகை பகுக்கப்பட்ட பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதலே அதற்குப் பரிகாரம்.

நாட்டெல்லை பற்றிய விதி கொழும்புத் தமிழருக்குச் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது. இலங்கைச் சட்டம் உள்நாட்டிற் செய்த கல்விச் செலவையே ஏற்றது. இந்தியச் சட்டம் இந்தியாவினுள் அமைந்த நிறுவனத்தையே ஏற்கின்றது. ஆகவே சென்னையில் பயிலும் மகனுக்குக் கொழும்பிலிருந்து கட்டணம் அனுப்பிய தந்தை இங்கும் கழிவு பெற்றிரார். கொழும்பில் பயிலும் பிள்ளைக்குச் சென்னையிலிருந்து செலுத்துபவர் அங்கும் கழிவு பெறார்.

இனிச் சென்னையில் தொழில்புரியும் ஒருவரின் கணக்கை நோக்குவோம். அவர் மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 50,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்கு 12 வீதம், அதாவது மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000 ரூபாய் அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகின்றது. இரு பிள்ளைகளின் கற்பித்தற் கட்டணம் 80,000. இவ்விரண்டுமே 1,52,000 ஆகி ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிடுகின்றன. நிதியாண்டு முடியும் மார்ச்சு மாதத்தில் காப்புறுதி முகவர் ஒருவர் வந்து, ஆண்டுக்கு 40,000 ரூபாய் செலுத்தும் ஒப்பந்தத்தை எடுத்தால் வரி குறையும் என்கின்றார். நூற்றுக்கு 20 வீத வரியும், அதன்மேல் 4 வீத உபரி வரியுமாக 20.8 வீதம் என்று கணித்து 8,320 ரூபாய் மீதமாகும் எனத் தாளில் எழுதியும் காட்டுகின்றார். அக்கணக்கில் பெருக்கற் பிழை யாதும் இல்லை. ஆனால் முடிவு பொய். வரம்பில் இடமே எஞ்சாதபோது மீதமாவது ஒரு சதமும் இல்லை. அவ்வொப்பந்தமோ இவ்வாண்டுடன் முடிவதன்று. பல ஆண்டுகள் செலுத்த வேண்டியது.

இம்முகவரின் கூற்று மெய்யா பொய்யா என்பதை அறிய ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் போதும். சம்பளச் சீட்டிலிருந்து வைப்பு நிதித் தொகையை எடுத்து, அதனுடன் ஏற்கெனவே உள்ள காப்புறுதிகளையும், வீட்டுக் கடனின் முதற் பகுதியையும், கற்பித்தற் கட்டணத்தையும் கூட்டி, கூட்டுத்தொகையை ஒன்றரை இலட்சத்திலிருந்து கழித்தல் வேண்டும். எஞ்சுவதே புதிய சேமிப்புக்கு உள்ள இடம். முகவரின் தாளில் காணப்படாதது இந்த ஒரு வரியே.

பிறிதொன்றும் ஈண்டுக் குறிப்பிடற்பாலது. 2023-24ஆம் நிதியாண்டு முதல் இந்தியாவில் புதிய வரிமுறையே இயல்பானதாகக் கொள்ளப்படுகின்றது. அதில் வீதங்கள் குறைவு, ஆனால் 80சி கழிவு இல்லை. பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கே இக்கணக்கு பொருந்தும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம், இக்கழிவை அதே வரம்புடன் 123ஆம் பிரிவில் வைத்துள்ளது.

பொது வரம்பினால் விளைவது

இரு சட்டங்களையும் ஒருங்கு வைத்து நோக்கின், பொது உச்சவரம்பின் தன்மை தெளிவாகின்றது. கல்விக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு எனச் சட்டம் கூறுவது, ஏனையவை வரம்பை நிரப்பாதவிடத்து உண்டு என்னும் பொருளிலேயே. ஆகவே ஒரே கட்டணத்தைச் செலுத்தும் இருவருள், வீட்டுக் கடனோ சேமிப்போ இல்லாதவர் முழுப்பயனும் பெறுகின்றார்; அவையுடையவர் சிறிதே பெறுகின்றார், அல்லது ஒன்றும் பெறார். இதனை அநீதி என்று கூறுவதற்கில்லை. செல்வமுடையவர் ஒவ்வொரு வாயிலிலும் சென்று தனித்தனியே சலுகை பெறுவதை அது தடுக்கின்றது. திறைசேரியும் தான் இழக்கக்கூடிய வரியை ஆளுக்கு இவ்வளவென முன்னரே அளந்துகொள்கின்றது.

ஆனால் அதற்கு ஒரு குறையும் உண்டு. வரம்பு ரூபாயில் நிலைத்து நிற்க, கட்டணங்களும் சம்பளங்களும் ஆண்டுதோறும் ஏறுகின்றன. சம்பளம் ஏற ஏற, சட்டத்தின் கட்டாயத்தால் பிடிக்கப்படும் வைப்பு நிதிப் பங்கும் ஏறி, வரம்பின் பெரும்பகுதியைத் தானே நிரப்பிவிடுகின்றது. மேற்கூறிய சென்னை ஊழியரின் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 1,05,000 ரூபாய் ஆகி, 12 வீதம் முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கப்படுமாயின், வைப்பு நிதி மட்டுமே ஆண்டுக்கு 1,51,200 ரூபாயாகிவிடும். அன்று முதல் அவர் பிள்ளைகளின் கட்டணத்துக்குச் சட்டப் புத்தகத்தில் கழிவு இருக்கும். அவர் கணக்கில் இராது. சட்டத்தின் ஒரு சொல்லும் மாற்றப்படாமலே ஒரு சலுகை இவ்வாறு மறைந்துபோகின்றது.

இலங்கையில் இந்நிவாரணம் சட்டத்தால் வெளிப்படையாக நீக்கப்பட்டது. அதனை யாவரும் அறிந்தனர். இந்தியாவில் அது வரம்பின் நெருக்கத்தால் ஓசையின்றித் தேய்ந்து வருகின்றது. எதிர்காலத்தில் இந்நாட்டில் கல்விச் செலவுக்குக் கழிவு மீண்டும் வழங்கப்படுமாயின், எத்துணை இலட்சம் என்று கேட்பதற்கு முன், அவ்விலட்சங்களை வேறெவை பகிர்ந்துகொள்கின்றன என்று கேட்டறிதல் வேண்டும்.